மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்

குழந்தைக்கு டயபர் கட்டும் இடம் சிவந்து, தோல் வெந்து போய்விட்டால் வீட்டில் உடனே எழும் கேள்வி, என்ன தடவலாம் என்பதுதான். மருந்துக் கடைக்காரரும் அதற்குத்தான் பதில் சொல்வார். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சிவப்பு எந்த இடத்தில் இருக்கிறது? புட்டத்தின் மேட்டிலா, தொடை இடுக்கின் மடிப்பிலா? குழந்தையைப் படுக்க வைத்து, காலை மெல்ல விரித்து, மடிப்பைப் பிரித்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. என்ன தடவலாம் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பார்வையே சொல்லிவிடும்.

ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்றை நினைத்துக்கொள்வோம். சளி, காது வலி என்று மருத்துவரிடம் போனதில் அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த சிரப் எழுதித் தருகிறார். மூன்றாம் நாள் வயிறு இளகிவிடுகிறது. இந்த மருந்தால் குழந்தைகளுக்கு அடிக்கடி நேர்வதுதான் அது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை தண்ணீராகப் போகிறது. மறுநாள் காலை டயபரைக் கழற்றினால் புட்டம் இரண்டும் பளபளவென்று சிவந்திருக்கின்றன. தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுகிறாள்.

“தொடவே விட மாட்டேங்கிறாம்மா” என்கிறாள் மகள்.

“பல்லு முளைக்கிற சூடுடி. அதோட அந்த டயபரை வேற நாள் முழுக்க மாட்டி வைக்கிறே” என்கிறார் பாட்டி.

சூடு என்று பாட்டி சொல்வது காரணமில்லை. டயபரைக் குறை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, டயபருக்குள் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

சிறுநீரில் வரும் அமோனியாவின் காரம்தான் தோலைப் புண்ணாக்குகிறது என்று வெகுகாலம் மருத்துவர்களே நம்பினார்கள். 1921இல் குக் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தையின் மலத்தில் இருக்கும் ஒரு பாக்டீரியா சிறுநீரிலிருந்து அமோனியாவை உண்டாக்குவதைக் கண்டு எழுதினார். ஈரத்துணியை அவிழ்த்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்த விளக்கம் சுலபமாக நிலைத்துவிட்டது. 1977இல் ஜேம்ஸ் லைடன் என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமோனியாவின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. அமோனியா மட்டும் பட்டால் நல்ல தோல் புண்ணாவதில்லை என்பதும் தெரியவந்தது. 1980களில் வந்த ஆய்வுகள்தான் மீதியை விளக்கின. குற்றவாளி மலம், சிறுநீர் அதற்குத் துணை போகிறது.

மலத்தில், உணவில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் செரிக்க உடல் சுரக்கும் நொதிகள் மிச்சமாக வருகின்றன. தோலும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆனதுதான். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது. அந்த அமிலத்தன்மை இருக்கும்வரை இந்த நொதிகள் மந்தமாகவே இருக்கும். சிறுநீரும் மலமும் ஒரே டயபரில் கலந்து கிடக்கும்போது அமோனியா உண்டாகி, அந்த அமிலத்தன்மை குறைகிறது. நொதிகள் விழித்துக்கொண்டு தோலின் மேலடுக்கைச் செரிக்கத் தொடங்குகின்றன. ஏற்கெனவே ஈரத்தில் ஊறிப்போன தோல், டயபரின் ஓரம் உரசினாலே கிழியும் நிலையில் இருக்கும். வயிற்றுப்போக்கில் மலம் குடலைக் கடந்து வேகமாக வந்துவிடுவதால் நொதிகள் தீரம் குறையாமல் வெளியேறுகின்றன. நம் ஒன்பது மாதக் குழந்தைக்கு ஒரே இரவில் தோல் வெந்து போனதற்குக் காரணம் இதுதான். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் அமிலத்தன்மை கூடுதல் என்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. திட உணவு தொடங்கிய பிறகு, ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயது வரையான காலத்தில்தான் இது அதிகம் வருகிறது. பல் முளைப்பதும் அதே மாதங்களில் என்பதால் பழி பல்லின் மேல் விழுகிறது.

இப்போது மடிப்புக்கு வருவோம். மலமும் ஈரமும் உரசலும் சேர்ந்து உண்டாக்கும் புண், டயபர் நேராகப் படும் மேடான இடங்களில்தான் வரும். புட்டம், அடிவயிற்றின் கீழ்ப்பகுதி, தொடையின் உட்புறம், பிறப்புறுப்பின் வெளிப்பக்கம். தொடை இடுக்கின் ஆழத்தில் டயபர் படுவதில்லை. தோலும் தோலும் ஒட்டிக்கிடப்பதால் மலமும் அங்கே அதிகம் சேர்வதில்லை. ஆகவே மேடு சிவந்து, மடிப்பின் உள்ளே தோல் வழக்கமான நிறத்தில் இருந்தால் அது அநேகமாகச் சாதாரணப் புண். மருந்து எதுவும் இல்லாமலே, இரண்டு மூன்று நாளில் ஆற வேண்டியது. மாநிறமோ அதைவிடக் கறுப்போ ஆன குழந்தைகளுக்குச் சிவப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. கருஞ்சிவப்பாக, சில சமயம் ஊதா கலந்த பழுப்பாக இருக்கும். பகல் வெளிச்சத்தில், பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியதை மூன்றாகச் சொல்லலாம்: கழுவுவது, காற்றாட விடுவது, பூசுவது.

கழுவ, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். புண்ணான தோலைத் துடைப்பதே வலி; அதனால் சொம்பிலிருந்து மெல்ல ஊற்றிக் கழுவுங்கள், அல்லது டப்பில் இடுப்பளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், பிடித்த கையை விடாமல். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்பு வேண்டாம். அது தோலின் அமிலத்தன்மையை மேலும் குறைக்கும். வாசனை சேர்த்த ஈரத்துடைப்பான்களை இந்த நாட்களில் ஒதுக்கி வைக்கலாம். வெளியூர்ப் பயணத்தில் வேறு வழியில்லை என்றால் வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவுவது பல வீடுகளில் நல்ல எண்ணத்தோடு நடக்கிறது. புண்ணில் அது எரியும், தோலை உலர்த்தி மேலும் கெடுக்கும். கழுவியபின் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

காற்றாட விடுவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்பதை யாரும் சொல்வதில்லை. நாளெல்லாம் துணியில்லாமல் விட முடியாது. வயிற்றுப்போக்கு இருக்கும்போது நிச்சயமாக முடியாது. குழந்தை மலம் கழித்து முடித்ததும் உள்ள பத்துப் பதினைந்து நிமிடம்தான் நமக்குக் கிடைக்கும் நல்ல நேரம். கழுவி ஒற்றி, பாயின் மேல் ரப்பர் ஷீட் விரித்து, அதன் மேல் இரண்டு மடிப்புப் பருத்தித் துணி போட்டு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து விளையாட்டுக் காட்டுங்கள். தூங்கும்போது குப்புறப் படுக்கக் கூடாது. விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை இது அமைந்தாலே தோல் உலர்வதைக் காணலாம். மின்விசிறிக் காற்று போதும். முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றைக் காட்டுவதும் வெயிலில் கிடத்துவதும் ஏற்கெனவே வெந்த தோலைச் சுட்டுவிடும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். புண்ணுக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை, புகை குழந்தையின் மூச்சுக்குக் கெடுதல்.

டயபரா துணியா என்ற சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை. நல்ல டயபரின் உள்ளே இருக்கும் கூழ்ப்பொருள் சிறுநீரை இழுத்துத் தோலிலிருந்து விலக்கி வைக்கிறது. இரவில் தூளியில் மூன்று மணி நேரம் ஈரத்துணியோடு கிடக்கும் குழந்தையைவிட டயபரில் இருக்கும் குழந்தையின் தோல் உலர்ந்திருக்கும். ஆனால் எந்த டயபராலும் மலத்தை விலக்கி வைக்க முடியாது. பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். மலம் போனால் அந்த நிமிடமே மாற்றுங்கள். புண் ஆறும்வரை இரவில் ஒரு முறையாவது எழுந்து பார்த்துவிட வேண்டும். துணி கட்டுபவர்கள் ஈரமானதும் மாற்றுவதோடு, சோப்பு நுரை முழுக்கப் போகும்படி அலச வேண்டும். எல்லாவற்றையும்விடக் கெடுதலானது ஈரத்துணியின் மேல் பிளாஸ்டிக் ஜட்டி போட்டு இறுக்குவது. மழைக்காலத்தில் துணி காயாத நாட்களில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அந்த நாட்களில் டயபரே மேல்.

பூசுவதற்கு வருவோம். இங்கே தேவைப்படுவது மருந்தைவிட முக்கியமாக ஒரு தடுப்பு. அடுத்த முறை வரும் மலம் தோலைத் தொடாமல் காக்கும் ஒரு படலம். ஜிங்க் ஆக்சைடு களிம்பு அதற்கு ஏற்றது. டியூபில் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை கிடைக்கும். புண் அதிகமாக இருந்தால் சதவீதம் கூடியது நன்றாக ஒட்டி நிற்கும். அது கிடைக்காவிட்டால் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி போதும். பெரும்பாலானோர் செய்யும் பிழை அளவில்தான். முகத்துக்குக் கிரீம் போடுவது போல் மெல்லத் தேய்த்து மறையவிடுகிறார்கள். தேய்க்கவே கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போல, கீழே இருக்கும் சிவப்பு தெரியாத கனத்துக்கு அப்ப வேண்டும். தோல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும், ஈரத்தின் மேல் அது நிற்காது.

அடுத்த பிழை, ஒவ்வொரு முறையும் களிம்பு முழுவதையும் சுரண்டி எடுப்பது. மலம் பட்ட மேல் அடுக்கை மட்டும் துடைத்துவிட்டு, மிச்சமிருப்பதன் மேலேயே புதிதாகப் பூசுங்கள். வெள்ளையாக ஒட்டியிருப்பது அழுக்கில்லை, அதுதான் காவல். நாளுக்கு ஒரு முறை முழுவதும் எடுத்துத் தோலைப் பார்க்க வேண்டுமானால், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒற்றினால் வலிக்காமல் வந்துவிடும். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ மட்டும் தடவுவது புண் இல்லாத நாட்களுக்குச் சரி. வயிற்றுப்போக்கின்போது அது ஒரு முறைக்கு மேல் தாங்காது. பவுடர் எதுவும் வேண்டாம். ஈரத்தில் கட்டியாகி மடிப்பில் உரசும். தட்டும்போது பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். மஞ்சள், வசம்பு அரைத்த பற்று போன்றவற்றையும் திறந்த புண்ணில் வைக்க வேண்டாம்.

நம் குழந்தைக்கு இதையெல்லாம் செய்கிறார்கள். இரண்டாம் நாள் புட்டத்தின் பளபளப்பு குறைகிறது. மூன்றாம் நாள் ஆறிவிடும் என்று எதிர்பார்த்திருக்கும்போது, நான்காம் நாள் நிலைமை திரும்புகிறது. சிவப்பு கூடிவிட்டது, மாட்டிறைச்சியின் நிறம் என்று மருத்துவ நூல்கள் சொல்லும் அடர்ந்த சிவப்பு. இம்முறை மடிப்பைப் பிரித்தால் உள்ளேதான் அதிகம். சிவப்பின் எல்லை கோடு போட்டாற்போல் தெளிவாக இருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே, நல்ல தோலின் மேல், கடுகு அளவில் சிவப்புப் பொட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. சிலவற்றின் தலையில் வெள்ளை, சிலவற்றைச் சுற்றித் தோல் உரிந்த சிறு வளையம்.

இது ஈஸ்ட். கேண்டிடா என்ற பூஞ்சை. அது வெளியிலிருந்து வந்து தொற்றியதில்லை. பல குழந்தைகளின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கிறது, மலத்தோடு வெளியே வருகிறது. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் பெருகவிடாமல் அடக்கி வைத்திருக்கும். காதுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. பூஞ்சைக்குக் குடலில் இடம் கிடைத்தது. வெளியே, ஈரமும் வெப்பமும் கிழிந்த தோலும் உள்ள மடிப்பும் கிடைத்தது. மூன்று நாளுக்கு மேல் ஆறாமல் நிற்கும் டயபர் புண்ணில் பூஞ்சை சேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பது இதனால்தான்.

சந்தேகம் வந்தால் குழந்தையின் வாயையும் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியிருப்பதாகத் தோன்றும். பால் படிவு என்றால் ஈரத்துணியால் துடைத்ததும் வந்துவிடும். துடைத்தும் போகாத வெள்ளை, பூஞ்சையாக இருக்கக்கூடும். தாய்ப்பால் கொடுப்பவருக்கு முலைக்காம்பில் எரிச்சலும் குத்தலும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்போது இருவருக்கும் சேர்த்து மருந்து தருவார்கள்; ஒருவருக்கு மட்டும் தந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது திரும்பத் திரும்ப வரும்.

மருத்துவர் பெரும்பாலும் பார்த்தே முடிவு செய்துவிடுவார். சந்தேகம் இருந்தால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பதுண்டு. தருவது க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்து ஒன்றாக இருக்கும். இதைப் பூசும் முறை தடுப்புக் களிம்புக்கு நேர்மாறானது. மெல்லிய படலமாக, மருத்துவர் சொன்னபடி நாளுக்கு இரண்டு மூன்று முறை, மடிப்பின் உள்ளேயும் வெளியே சிதறிய பொட்டுகளையும் சேர்த்துத் தடவ வேண்டும். சில நிமிடம் உறிஞ்ச விட்டு, அதன் மேல் ஜிங்க் ஆக்சைடைக் கனமாகப் பூச வேண்டும். வரிசை மாறினால் மருந்து தோலைச் சென்று சேராது. இரண்டு மூன்று நாளில் சிவப்பு மங்கத் தொடங்கும். அத்தோடு நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு மறுபடி வருகிறது. கண்ணுக்கு மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். மொத்தம் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிய மருத்துவரிடம் வயிற்றுப்போக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் குரல் உயர்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் பெரியவர் யாராவது படர்தாமரைக்கு வாங்கிய களிம்பு இருக்கும். அதிலும் பூஞ்சை மருந்து இருக்கிறது என்று குழந்தைக்குத் தடவுகிறார்கள். அப்படிப்பட்ட பல களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. டியூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் நாள் சிவப்பு அடங்கிவிடும்; அதனால்தான் அது நல்ல மருந்தாகத் தோன்றுகிறது. டயபரால் மூடிய மெல்லிய தோல் ஸ்டீராய்டை மிக அதிகமாக உறிஞ்சும். தோல் காகிதமாக மெலிந்து கோடுகள் விழலாம், முடிச்சு முடிச்சாக வீங்கலாம். நாட்பட்டால் உடலுக்குள் சென்று குழந்தையின் சுரப்பிகளையே பாதிக்கலாம். 2018இல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டுகளைக் கொண்ட தோல் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆனாலும் இன்றும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. வீக்கம் அதிகமாக இருந்தால் குழந்தை மருத்துவரே வீரியம் மிகக் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாட்களுக்கு மட்டும் எழுதுவதுண்டு. அந்த முடிவை அவர்தான் எடுக்க வேண்டும்.

மூன்று நாள் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டிய நிலைகளும் உண்டு. பிறந்து ஆறு வாரம் ஆகாத குழந்தை, காய்ச்சல், நீர்க்கொப்புளம், சீழ், தேன் நிறத்தில் காய்ந்த பொருக்கு, இரத்தம் கசியும் புண், டயபர் பகுதியைத் தாண்டிப் பரவும் தடிப்பு. ஆசனவாயைச் சுற்றி மட்டும் வளையமாகப் பளிச்சென்ற சிவப்பு, மலம் கழிக்கும்போது கடும் வலி என்றால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு வாய்வழி ஆன்டிபயாடிக் தேவைப்படும், பூஞ்சை மருந்து கேட்காது. வாயைச் சுற்றியும் கை கால் விரல்களிலும் இதே மாதிரிப் புண், முடி உதிர்தல், நிற்காத வயிற்றுப்போக்கு மூன்றும் சேர்ந்து வந்தால் உடலில் துத்தநாகம் குறைந்திருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அரிதுதான், ஆனால் களிம்பால் ஒருபோதும் ஆறாது.

நம் குழந்தைக்குப் பூஞ்சை மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் பொட்டுகள் வாடி, பத்து நாளில் மடிப்பு தெளிகிறது. சிவப்பு இருந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சற்று வெளுத்தோ கறுத்தோ தெரியலாம். அது புண்ணில்லை, சில வாரங்களில் தானாக மறையும், அதற்கு மருந்து பூச வேண்டியதில்லை. அடுத்த முறை இவளுக்கு ஆன்டிபயாடிக் எழுதும்போது, முதல் வேளை சிரப் கொடுக்கும் அன்றே ஜிங்க் ஆக்சைடையும் பூசத் தொடங்கிவிடலாம். வயிற்றுப்போக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். குளிப்பாட்டும்போது தினமும் ஒரு முறை மடிப்பைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.